சொட்டுநீர் போட்டால் எந்தப் பயிரும் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேளாண் மாணவர்களுக்கான பக்கத்தில், சொட்டுநீர் அமைத்துவிட்டால் வறண்ட பகுதியிலும் கரும்பு, வாழை எதையும் துணிந்து வைக்கலாம் என்று ஒரு வரி படித்தேன். நிலத்தடி நீர் பற்றி எனக்குச் சொல்லும் அவசியம் இல்லாத அளவுக்குத் தாங்கள் அறிந்தவர். இந்த வரி எப்படித் தங்கள் கண்ணைத் தாண்டிப் போனது என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். அடியில் இருப்பது பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்பு. தண்ணீர் நிற்பது இவற்றில் மட்டும்தான். இத்தகைய பாறையில் நூறு கன மீட்டரை வடித்தால் இரண்டு கன மீட்டர் தண்ணீர் கிடைப்பதே அதிகம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அந்த ஏக்கருக்கு அடியிலிருந்தே எடுத்தால் ஒரே பாய்ச்சலில் நீர்மட்டம் இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும். அவ்வளவு இறங்காமல் இருப்பது, பக்கத்துத் தோட்டங்களுக்கு அடியில் இருப்பதையும் கிணறு சேர்த்து இழுப்பதால்தான்.

வரவு எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் பக்கம் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டி. பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கும் என்று வைத்தால் 60 மில்லிமீட்டர். கரும்புக்கு ஏறத்தாழ 2,000 வேண்டும். மழை 400 கொடுத்தாலும் மீதி 1,600. ஒரு ஏக்கர் கரும்பு ஏறக்குறைய 27 ஏக்கரின் மழைவரவைக் குடிக்கிறது! புரட்டாசியில் விதைக்கிற மக்காச்சோளத்துக்கு 500 போதும். பாதியை வடகிழக்குப் பருவமழையே கொடுத்துவிட்டால் நாலு ஏக்கரின் வரவு போதும். எந்தப் பயிர் என்று முடிவு செய்ய மாணவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது. விளைச்சலும் விலையும் அப்புறம்தான்.

சொட்டுநீர் நல்லதுதான், நானும் போட்டிருக்கிறேன். மண்ணிலிருந்து வீணாக ஆவியாவதை அது குறைக்கும். ஆனால் இலை வழியாகப் பயிர் வெளியேற்றும் நீரை அது குறைக்காது. வாய்க்காலில் பாயும்போது கீழே கசிந்த நீரில் ஒரு பகுதி திரும்பக் கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது. சொட்டுநீரில் நின்றுபோன அந்தக் கசிவையும் மிச்சம் என்று கணக்கில் காட்டுகிறோம். அந்த மிச்சத்தை வைத்து எங்கள் ஊரில் இன்னும் ஒரு ஏக்கர் வாழை வைத்தார்களே தவிர, மோட்டாரை நிறுத்தியவர்களை நான் பார்க்கவில்லை.

தென்னை வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். 2016-ல் மழை பொய்த்தபோது மக்காச்சோளம் வைப்பவர் அந்தப் பட்டத்தை விட்டுவிட முடிந்தது. தென்னைக்கு விடுமுறை கிடையாது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் மரங்கள் பட்டுப்போனதை எங்கள் வட்டாரமே பார்த்தது. ஆயிரம் அடி போர் போட்டதைப் பெருமையாக எழுதுகிற செய்திகளையும் தங்கள் இதழில் பார்க்கிறேன். அந்த ஆழத்து வெடிப்பில் வருவதும் பெரும்பாலும் மேலடுக்கிலிருந்து வடிந்த தண்ணீர்தான். புது போர் ஓடத் தொடங்கினால் சுற்றிலும் உள்ள திறந்த கிணறுகள் காய்கின்றன. மோட்டார் முன்பு ஓடிய நேரம் ஓடாமல் காற்றை இழுத்து நிற்கும். காலையில் பார்த்தால் மட்டம் பழைய அளவுக்கு ஏறியிருக்காது. இவற்றைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் ஊரில் வந்து தங்குகிறார்கள். விதை ரகம் கேட்கிறார்கள், உரம் கேட்கிறார்கள். கிணற்றில் கயிறு விட்டு மட்டத்தை அளந்த பிள்ளையை நான் கண்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களைத்தான் சொல்கிறேன். பருவமழை முடிந்த தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை அளந்தால் போதும். தையில் மட்டம் ஏறாவிட்டால் கோடைப்பயிர் வேண்டாம், வைத்தே ஆக வேண்டுமென்றால் உளுந்து, எள்ளோடு நிற்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் இதை ஊர்க் கூட்டத்திலேயே செய்கிறார்கள். அந்த ஆண்டு மழையை வைத்துத் தண்ணீர்க் கணக்குப் போட்டு, அதற்குத் தக்க பயிரை முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு போர் போடுவதையும் கரும்பு, வாழையையும் விலக்கிவைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கரும்பை வாங்க ஆலை வரும், நெல்லை வாங்கக் கொள்முதல் நிலையம் உண்டு. சோளத்தையும் எள்ளையும் நாங்கள் வியாபாரி சொல்கிற விலைக்குத்தானே தள்ளிவிடுகிறோம்? அதைப் பற்றித் தங்கள் இதழ் ஒரு பக்கம் எழுதி நான் படித்ததில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். தாங்கள் மாதம்தோறும் போடும் பயிர் அட்டவணையில் ஏக்கருக்கு விளைச்சல், வருமானம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில், தேவைப்படும் நீர் எத்தனை மில்லிமீட்டர் என்று இன்னொரு கட்டம் சேருங்கள். அந்த வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டார விவசாயி ஒருவர்