தேர்ந்தெடுத்தது ஒரு சிம், எஸ்எம்எஸ் போனது இன்னொரு சிம்மிலிருந்து

வங்கி ஆப்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைச் சோதித்து வெளியிட ஒப்புதல் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் அப்பாவின் போனில் ஒரு வங்கி ஆப்பைப் பதிவு செய்ய இரண்டு நாள் ஆனது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. இதே தவறு வேறு ஆப்களிலும் இருக்க வாய்ப்புண்டு என்பதால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் இரண்டு சிம். வங்கியில் பதிவான எண் இரண்டாம் இடத்தில் இருக்கிறது, இணையத்துக்கு வைத்திருக்கும் எண் முதல் இடத்தில். ஆப் முறையாகத்தான் கேட்டது: ‘வங்கியில் பதிவான எண் எந்தச் சிம்மில் உள்ளது?’ சிம் 2 என்று தொட்டேன். சக்கரம் சுற்றியது. ஒரு நிமிடம் கழித்து, ‘சரிபார்ப்பு தோல்வி, மீண்டும் முயலவும்’. மீண்டும் முயன்றேன். மூன்றாவது தடவையோடு 24 மணி நேரத்துக்குப் பூட்டிவிட்டது. என்ன தோல்வி, யாருடைய தோல்வி என்று ஒரு வார்த்தை இல்லை.

பூட்டியிருந்த நேரத்தில் செய்திகள் ஆப்பைத் திறந்து பார்த்தேன். உங்கள் ஆப் சத்தமில்லாமல் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸையும் ஆண்ட்ராய்டு அங்கே பதிந்து வைக்கும். புரியாத எழுத்துச் சரமாக மூன்று செய்திகள் இருந்தன. ஒன்றை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், அனுப்பிய சிம்: 1. மூன்றுமே அப்படித்தான்.

அப்படியானால் உங்கள் சர்வர் செய்தது சரி. டிவைஸ் பைண்டிங்கின் அடிப்படையே, செய்தி எந்த எண்ணிலிருந்து வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான். பதிவில் இல்லாத எண்ணிலிருந்து வந்தால் மறுக்கத்தான் வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. சிம் 2 என்று நான் சொன்ன பிறகு சிம் 1-லிருந்து அனுப்பியது யார் என்பதுதான் கேள்வி.

முதலில் போனின் அமைப்பைச் சந்தேகப்பட்டேன். சில ஆப்கள் சிம்மைக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எஸ்எம்எஸ்ஸுக்கென்று போனில் குறித்துவைத்த சிம்மிலிருந்தே அனுப்பிவிடும். அமைப்பில் அந்தச் சிம்மை மாற்றினால் வேலை நடந்துவிடும். போய்ப் பார்த்தால் அது ஏற்கெனவே சிம் 2-ஆகத்தான் இருந்தது. அடுத்த நாள் பூட்டு விலகியதும் ஒரே ஒரு முறை முயன்றேன். மறுபடியும் சிம் 1. சரி, இது வேறு நோய்.

மென்பொருள் சோதனைதான் என் பிழைப்பு என்பதால் போனைக் கணினியில் இணைத்து இதை ஓட்டினேன்:

```
adb shell dumpsys isub
```

நீண்ட பட்டியலில் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு வரிகள். வங்கி எண் இருக்கும் சிம்முக்கு `id=1`, `simSlotIndex=1`. இணையச் சிம்முக்கு `id=2`, `simSlotIndex=0`. இடங்களின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும், ஆகவே 1 என்றால் இரண்டாம் இடம். ஐடி அப்படியல்ல. போனில் ஒரு சிம் முதல்முறை நுழையும்போது ஆண்ட்ராய்டு அதற்கு ஒரு ஐடி கொடுக்கிறது. அப்புறம் அந்தச் சிம்மை எந்த இடத்துக்கு மாற்றினாலும் ஐடி கூடவே போகும்.

இந்தப் போன் வாங்கிய அன்று வங்கிச் சிம்தான் முதலில், முதல் இடத்தில் போனது. சில மாதம் கழித்து மெமரி கார்டு போடத் தட்டை இழுத்தபோது சிம்களை இடம் மாற்றி வைத்தவன் நான்தான். அதுவரை இரண்டு சிம்முக்கும் இட வரிசையும் ஐடியும் ஒத்துப்போயிருந்தன. அன்றோடு குறுக்காகிவிட்டன.

உங்கள் நிரலை நான் பார்த்ததில்லை. ஆனால் நடப்பது இதற்குத்தான் பொருந்துகிறது: பயனர் ‘சிம் 2’ என்று தொட்டதும், அந்த 2-ஐயே ஐடியாக எடுத்துக்கொண்டு அனுப்புகிறீர்கள்.

```
SmsManager.getSmsManagerForSubscriptionId(2)
```

ஐடி 2 இருப்பது முதல் இடத்தில். செய்தி அங்கிருந்து போகிறது. தொட்ட இடத்தில் எந்தச் சிம் இருக்கிறது என்று போனையே கேட்டால் முடிந்தது:

```
val info = subscriptionManager
    .getActiveSubscriptionInfoForSimSlotIndex(1)
val id = info?.subscriptionId
```

இந்த ஐடியைக் கொடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். புதுப் போனில் இரண்டு சிம்மையும் வரிசையாகப் போட்டுச் சோதித்தால் ஐடி 1, 2 என்றே அமையும், தவறு கண்ணில் படாது. பழைய போனில்தான் மாட்டும். சிம்களை மாற்றி மாற்றிப் போட்ட போனில் ஐடி 4, 5 என்று ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கே 2 என்று கேட்டால் அந்தச் சிம்மே போனில் இருக்காது, செய்தி எந்தச் சிம்மிலிருந்தும் போகாது. திரையில் அதற்கும் இதே ‘சரிபார்ப்பு தோல்வி’தானே?

கடைசியில் நான் செய்தது இதுதான். தட்டை இழுத்து, சிம்களைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். ஆப்பில் சிம் 1 என்று தொட்டேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, பதிவாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “இதுக்கா ரெண்டு நாளு?” என்றார்.

நிரலைத் திருத்துவது ஒரு பக்கம். அதைவிட எனக்குக் கோபம் அந்தப் பிழைச் செய்தியின் மேல். செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது என்று உங்கள் சர்வருக்குத் தெரியும். ‘செய்தி 47 என்று முடியும் எண்ணிலிருந்து வந்தது, அது வங்கியில் பதிவான எண் அல்ல’ என்று சொன்னால் என் இரண்டு நாள் ஐந்து நிமிடமாகியிருக்கும். பாதுகாப்பு என்று சொல்லி மறுக்காதீர்கள். பதிவான எண்ணைக் காட்டச் சொல்லவில்லை, அது வேண்டாம். அனுப்பிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போதும். அது அனுப்பியவர் கையில் இருக்கும் சிம்தானே. மூன்று தவறுக்கு ஒரு நாள் பூட்டுவதையும் கொஞ்சம் யோசியுங்கள். பின் எண்ணை ஊகிக்கிறவரைத் தடுக்க அது சரி. இங்கே யாரும் எதையும் ஊகிக்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தொட்டோம். செய்தி மழையாகக் கொட்டுவதைத் தடுக்கத்தான் என்றால், சில நிமிட இடைவெளி போதும்.

தேர்வுத் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சிம் 1, சிம் 2’ என்பதோடு நிறுவனப் பெயரைக் காட்டுகிறீர்கள். அப்பாவின் இரண்டு சிம்மும் ஒரே நிறுவனம், ஆகவே திரையில் ஒரே பெயர் இரண்டு தடவை. எண்ணைச் சிம்மிலிருந்து படிக்க முயன்றால் பல நேரம் வெற்றாகவே வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பயனர் தானே வைத்த பெயர் போனில் இருக்கிறது. அப்பா ‘பேங்க்’, ‘நெட்’ என்று வைத்திருக்கிறார். `displayName` என்று கேட்டால் அது வந்துவிடும்.

ஐபோனில் கதை வேறு. அங்கே ஆப் தானாக எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது, செய்தித் திரையைத் திறந்துவைத்து அனுப்பும் பொத்தானைப் பயனரிடம் விட்டுவிடும். எந்த லைனிலிருந்து போகிறது என்று அழுத்துவதற்கு முன் பார்க்கச் சொல்லி, அதற்கு முந்தைய திரையில் ஒரு வரி போட்டால் போதும்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் உங்கள் சோதனை மேசையில் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு சிம் போட்ட ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, தட்டை இழுத்து, சிம்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டு ஆப்பைப் புதிதாகப் பதிவு செய்து பாருங்கள். அதற்கு ஊசி ஒன்று போதும், போன் பெட்டியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
அப்பாவின் போனைப் பார்த்துக்கொள்ளும் மகன்