பாப்பாவுக்கு, தீபாவளிக் கணக்கு பற்றி

பழைய வண்ணாரப்பேட்டை
16.11.2025

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கணக்கு ஃபைல் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்தது. ஆபீஸ் நேரத்தில் உட்கார்ந்து நம் துணிக்கடைக் கணக்கைப் பார்க்க விடுகிறார்களா என்று அம்மா கேட்டாள். பெங்களூரில் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். அதற்கு முந்தைய ஃபைல் ராத்திரி மூன்று மணிக்கு வந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. நேரத்துக்குத் தூங்கு.

போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். "அப்புறம் கூப்பிடுறேன்பா" என்று மெசேஜ் போடுகிறாய், அந்த அப்புறம் வருவதாக இல்லை. எழுதிவிட்டால் நீ உனக்கு நேரம் கிடைக்கும்போது படிப்பாய்.

ஃபைலை நன்றாகப் போட்டிருக்கிறாய். பில்லை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, கலர் கொடுத்து, மெஷினில் இருந்ததை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. எம்.சி. ரோட்டில் எந்தக் கடைக்காரனிடமும் இப்படி ஒன்று இருக்காது. மணி மாமாவிடம்கூடக் காட்டினேன். ஆனால் கடைசியில் நீ எழுதியிருக்கும் முடிவு சரியில்லை. "நெரிசலுக்கு முன்னே வாங்க, நிதானமா எடுங்க" என்ற விளம்பர வரியும், 2,000 ரூபாய்க்கு மேல் பில் போட்டால் 200 ரூபாய் கழிவும் நன்றாக வேலை செய்தன, அடுத்த வருஷமும் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்கிறேன் நான். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

முதலில் அந்த வரி. செப்டம்பர் விற்பனை போன வருஷ செப்டம்பரைவிட நன்றாக ஏறியிருக்கிறது, பேனரில் அந்த வரியை அப்போதுதான் போட்டோம், அதனால் வரிதான் காரணம் என்று எடுத்துக்கொண்டாய். போன வருஷம் தீபாவளி அக்டோபர் 31. இந்த வருஷம் அக்டோபர் 20. பண்டிகையே பதினோரு நாள் முன்னால் வந்தால் செப்டம்பர் கடைசி வாரம் தானாகவே சூடு பிடிக்கும். நீ வெறும் பேனரைக் கட்டியிருந்தாலும் அது ஏறியிருக்கும். மாதத்துக்கு மாதம் வைத்துப் பார்க்கக் கூடாது, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதுவும் நாள் கணக்கில் எண்ணினால் நம் கடைக்குச் சரிப்படாது, ஞாயிற்றுக்கிழமை கணக்கில் எண்ண வேண்டும். காசிமேடு, கொருக்குப்பேட்டை ஜனங்கள் குடும்பத்தோடு வருவது ஞாயிறுதான். கடைசி ஞாயிறு, அதற்கு முந்தைய ஞாயிறு, அதற்கும் முந்தையது என்று இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உன் பச்சைக் கலர் பாதி போய்விடும்.

மீதிப் பாதிக்கு வேறு காரணம் இருக்கிறது. செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருந்த ரெடிமேடுக்கு 12 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது 2,500 வரைக்கும் 5 சதவீதம்தான். நாம் 1,499 போட்டிருந்த சுடிதார் செட்டுக்கு அன்றைக்கே 1,405 என்று ஸ்டிக்கர் மாற்றி ஒட்டினோம், உனக்குக்கூட போட்டோ அனுப்பினேன். அந்தச் செட்டுகள் போனதற்கு உன் விளம்பர வரி காரணமா, ஜிஎஸ்டி குறைந்தது காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரத்துக்குக் கீழே இருக்கும் சரக்குக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். அதனால் அதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கு ஞாயிறு வைத்துப் பார்த்தால் போன வருஷ அளவுதான், ஒரு கை அதிகம், அவ்வளவுதான்.

சாப்பாடு எல்லாம் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரூமில் அந்தப் பெண் இன்னும் கூட இருக்கிறாளா, காலி செய்துவிட்டாளா? வாடகை முழுக்க உன் தலையில் விழுந்தால் சொல்.

அடுத்தது கழிவு. இதைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். மொத்த விற்பனையைப் பார்க்காதே, பில்லைப் பார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் போட்ட பில்களை 1,500-லிருந்து 2,000 வரை, 2,000-லிருந்து 2,500 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தேன். போன வருஷம் முதல் கட்டில் 140 பில், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 90. இந்த வருஷம் முதல் கட்டில் 70, இரண்டாவதில் 130, மூன்றாவதில் அதே 90. மொத்தம் இரண்டு வருஷமும் 290. புதிதாக ஆள் யாரும் வரவில்லை. வந்தவர்களில் 70 பேர், கழிவுக்காக இன்னொரு பனியனோ நைட்டியோ சேர்த்து 2,000-ஐத் தாண்டியிருக்கிறார்கள். இதில் உன் யோசனை பலித்தது, அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த 70 பேரும் ஆளுக்கு 400 ரூபாய் கூடுதலாக வாங்கியிருந்தால் 28,000 ரூபாய் விற்பனை. ஜிஎஸ்டி போக நமக்கு நிற்பது நூற்றுக்கு முப்பது என்று தாராளமாகவே வைத்துக்கொள், 8,400 ரூபாய். 200 ரூபாய் கொடுத்தது அந்த 70 பேருக்கு மட்டுமா? எப்படியும் 2,000-க்கு மேல் வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து 220 பில்லுக்குக் கொடுத்தோம். 44,000 ரூபாய். எட்டாயிரத்துச் சொச்சம் சம்பாதிக்க நாற்பத்து நாலாயிரம் செலவு. விற்பனைக் கோடு மேலே ஏறியதாக நீ காட்டியிருக்கும் அதே வாரத்தில் கல்லாவில் காசு இறங்கியிருக்கிறது. அந்த 8,400-ஐ 220 பில்லுக்குப் பிரித்தால் பில்லுக்கு 38 ரூபாய். அதற்குள் அடங்குகிற மாதிரி எதையாவது கொடுத்தால் கைக்கு நஷ்டமில்லை. 38 ரூபாய்க்கு கர்சீப்தான் கொடுக்கலாம். கர்சீப்புக்காக யாரும் நைட்டி சேர்த்து எடுக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கை எல்லாம் நீ எனக்குச் சொல்ல வேண்டியவள். எம்.பி.ஏ. படித்தது நீ.

சரி, அந்த ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, நீ அதை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். வாட்ஸ்அப் நம்பர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெரிசல் வரியும் இன்னொரு பாதிக்கு "உங்க அளவு இருக்கும்போதே எடுத்துடுங்க" என்ற வரியும் அனுப்பினாய் அல்லவா? பாதிக்கு ஆயிரம் நம்பர், ஒரே நாள், ஒரே கழிவு, மாறியது வரி மட்டும். பில் போடும்போது எந்த மெசேஜைப் பார்த்து வந்தீர்கள் என்று செல்வி கேட்டு ரிமார்க்ஸில் போட்டாள். நெரிசல் வரிக்கு 41 பேர், அளவு வரிக்கு 68 பேர். பேனர், தேதி, ஜிஎஸ்டி எதுவும் இந்தக் கணக்கைக் கெடுக்காது, இரண்டு பாதிக்கும் அவை பொதுதான். ஒன்று மட்டும், கடைசி சனி ஞாயிறு கூட்டத்தில் செல்வியால் கேட்க முடியவில்லை, பாதிப் பில்லில் ரிமார்க்ஸ் காலி. அதனால் அந்த இரண்டு நாளையும் தள்ளிவிட்டுத்தான் எண்ணினேன்.

வந்த 68 பில்லைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிள்ளைகள் உடுப்பு. 24, 26, 28 சைஸ். போன வருஷம் கடைசி நேரத்தில் வந்து பிள்ளைக்கு அளவு கிடைக்காமல் திரும்பிய அம்மாக்கள்தான் இவர்கள். நெரிசல் யாருக்கும் பயமில்லை பாப்பா. தீபாவளிக்கு எம்.சி. ரோட்டுக்கு வருவதே கூட்டத்தைப் பார்க்கத்தான். அளவு தீர்ந்துவிடும் என்பதுதான் நிஜமான பயம். அந்த வரியை வைத்துக்கொள். ஆனால் ஆடிக்கு எடுக்காதே. ஆடியில் நாம் தள்ளுவதே அளவு உடைந்த சரக்கு. அளவைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு 34-ஐயும் 46-ஐயும் நீட்டினால் திட்டிவிட்டுப் போவார்கள்.

மூன்று சட்டை 999 பற்றி நீ "கடைசி வாரம் படுத்துவிட்டது, நிறுத்தலாம்" என்கிறாய். ஆஃபர் படுக்கவில்லை, 40-ம் 42-ம் தீர்ந்துவிட்டன. சைஸ்வாரி ஸ்டாக்கைப் பார்க்காமல் அதற்கு மார்க் போடாதே. இருந்தாலும் எனக்கும் அது பிடிக்கவில்லை. தீபாவளி முடிந்து ஒருத்தர் மூன்றில் ஒரு சட்டையை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து, தனி விலை 399 போட்டிருக்கிறதே, 399-ஐக் கொடு என்றார். 333 என்று பில்லைக் காட்டிப் புரியவைப்பதற்குள் வாசல்வரை ஆள் சேர்ந்துவிட்டது. மாற்ற வருகிறவர்கள் ஓய்வதற்கு முன்னால் எந்த ஆஃபரையும் நல்லது கெட்டது என்று எழுதாதே. நீ அக்டோபர் 24-ஆம் தேதியே முடிவெழுதிவிட்டாய். என்ன அவசரம்? லீவு கிடைக்கவில்லை என்று தீபாவளிக்கு வராதவளுக்கு அந்த வாரம் அதற்கு நேரம் எங்கிருந்து வந்தது என்றுதான் அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

அடுத்த தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் கடைசிக் கடை ஞாயிறு நவம்பர் 1, சம்பளம் வந்த கையோடு வருவார்கள். செப்டம்பரிலேயே பேனர் கட்டுவது வீண். அளவு வரியை அக்டோபர் நடுவில் அனுப்பினால் போதும், இந்த முறை கழிவு எதுவும் சேர்க்காமல். அதற்கு முன் பொங்கலுக்கு ஒன்று செய்து பார்க்கலாம். லிஸ்டில் ஒரு பாதிக்கு அளவு வரி மட்டும், இன்னொரு பாதிக்கு அதே வரியோடு 2,500-க்கு மேல் 100 ரூபாய் கழிவு. வரி ஒன்றேதான், கழிவுக்கு என்ன வேலை என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மாற்றிவிடாதே, பிறகு எதுவும் சொல்ல முடியாது.

செல்வி தை முதல் வாரம் வரமாட்டாள், அவள் தங்கைக்குக் கல்யாணம். ரிமார்க்ஸைக் கேட்டுப் போட ஆள் வேண்டும். உங்கள் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டால் மார்கழியே வந்துவிடு, மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. ஆபீஸில் விடாவிட்டாலும் வா. கல்லாவில் உட்காருகிறவளுக்குச் சம்பளம் உண்டு, செல்விக்குக் கொடுப்பதைவிடக் கூடவே. எத்தனை மாதம் இருந்தாலும் சரி, இங்கே யாரும் காரணம் கேட்கப் போவதில்லை, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பொங்கல் மெசேஜை டிசம்பர் 20-க்குள் எழுதி அனுப்பு. ராத்திரி மூன்று மணிக்கு அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா