சொன்ன தேதி தாண்டிவிட்டதா? இறுதிச் சுற்று முடித்துக் காத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாலைந்து ஆண்டு அனுபவத்தோடு ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற முயல்கிறவர்களுக்கு இதை எழுதுகிறோம். கல்லூரி வளாகத் தேர்வுக்கும் அரசு வேலைக்கும் வழி வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

டெக்னிக்கல் சுற்றுகள் முடிந்தன, மேலாளர் சுற்றும் முடிந்தது. கடைசியாகப் பேசிய ஹெச்.ஆர். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறோம்" என்றார். வெள்ளியும் போயிற்று, அடுத்த திங்களும் போயிற்று. ஃபோன் இல்லை, மெயில் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்கிற தரப்பில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் நாங்கள். அதனால் முதலில் அந்தத் தேதி எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறோம்.

தேதியைச் சொன்ன ரெக்ரூட்டருக்கு உங்களை எடுக்கவோ தள்ளவோ அதிகாரம் கிடையாது. நேர்காணல் செய்தவர்கள் கருத்தைப் பதிவு செய்ய இரண்டு நாள், சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்க நாலு நாள் என்று மனக்கணக்குப் போட்டு ஒரு நாளைச் சொல்கிறார். நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் அன்றன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஒருவர் விடுப்பில் போனாலும் தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போனதை உங்களுக்குச் சொல்லவேண்டியது ரெக்ரூட்டரின் கடமை. சொல்லாமல் விடுவது எங்கள் தரப்பின் தவறுதான், அதற்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. ஆனால் "முடிவு என்ன?" என்று அவரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் முடிவு அவர் கையில் இல்லை. அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்கவேண்டும்.

அதற்கு, உங்கள் விண்ணப்பம் எங்கே நிற்கக்கூடும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

சின்னக் காரணம், நேர்காணல் செய்தவர் தன் கருத்தை இன்னும் கணினியில் பதியாமல் இருப்பது. ஒரு நினைவூட்டலில் தீர்ந்துவிடும். இன்னொரு காரணம், அந்தப் பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டிருப்பது. வாடிக்கையாளர் புராஜெக்ட்டைத் தள்ளிவைத்திருப்பார், அல்லது அந்தக் காலாண்டுக்கான ஆள் எண்ணிக்கையைக் குறைத்திருப்பார்கள். இங்கே நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் எதுவும் நகராது.

அதிகம் பேர் மாட்டுவது மற்ற இரண்டில். முதலாவது சம்பள ஒப்புதல். நீங்கள் கேட்ட தொகை அந்தப் பதவி நிலைக்கு ஒதுக்கிய வரம்புக்குள் இருந்தால் கோப்பு வேகமாகப் போகும். வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் அது விதிவிலக்கு ஆகிவிடும். பிரிவுத் தலைவர், நிதிப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கவேண்டும். அதே குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள் வாங்குவதோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்துக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. கடைசி மூன்று மாத பே ஸ்லிப், இப்போதைய சம்பள விவரக் கடிதம், சில இடங்களில் படிவம் 16 ஆகியவற்றை உங்களிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். இறுதிச் சுற்றுக்குப் பிறகு இவற்றைக் கேட்டிருந்தால் உங்கள் பெயரில் சம்பளக் கணக்கு ஓடுகிறது என்று ஓரளவு நம்பலாம். விண்ணப்பிக்கும்போதே எல்லோரிடமும் கேட்டு வாங்கியது இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, நீங்கள் இரண்டாம் இடத்தில் இருப்பது. முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் இன்னும் சரி என்று சொல்லியிருக்கமாட்டார். இங்கே 60 நாள், 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அந்த இடைவெளியில் ஆஃபரை ஏற்றவரே வேறு இடத்துக்குப் போய்விடுவதும் சாதாரணம். அதனால் இரண்டாம் ஆளை "இல்லை" என்று சொல்லி அனுப்ப எந்த ரெக்ரூட்டருக்கும் மனசு வராது. "பிராசஸில் இருக்கிறது" என்ற ஒற்றை வரி திரும்பத் திரும்ப வந்து, ஆவணம் எதுவும் கேட்கப்படாமல் இருந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இணையதளக் கணக்கில் நிலை மாறவில்லையே என்று தினமும் பார்ப்பதில் பயனில்லை. கடைசியில் மொத்தமாகத்தான் பல நிறுவனங்களில் அதை மாற்றுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறுதிச் சுற்று 2025 நவம்பர் 3, திங்கள். சொன்ன நாள் நவம்பர் 14, வெள்ளி. அன்று மாலையே மெயில் அனுப்பாதீர்கள். அந்த நாள் முடிந்ததாகவே உள்ளே யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். திங்கள் காலை ரெக்ரூட்டர்களுக்கு வாராந்திரக் கூட்டம் இருக்கும். 18ஆம் தேதி, செவ்வாய், காலை பத்தரை மணிவாக்கில் அனுப்புங்கள். நேர்காணல் அழைப்பு வந்த அதே மெயில் தொடரில் பதிலாக அனுப்பவேண்டும். புது மெயிலாக எழுதினால் யார், எந்த வேலை என்று அவர் தேடவேண்டியிருக்கும். அழைப்பில் பணியிட எண் இருந்தால் அதையும் சேருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இப்படி இருக்கட்டும்:

"நவம்பர் 3 அன்று இந்தப் பணிக்கான இறுதிச் சுற்று முடிந்தது. 14ஆம் தேதிக்குள் தகவல் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இந்த வேலையில் விருப்பம் அப்படியே இருக்கிறது. இப்போது விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து எந்தத் தேதியில் நான் விசாரிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். என் தரப்பில் ஆவணம் ஏதாவது பாக்கி இருந்தால் இன்றே அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். இதில் இருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் யாரிடமும் அனுமதி வாங்காமல் ரெக்ரூட்டரால் பதில் சொல்ல முடியும். ஆவணம் பற்றிய வரியை மரியாதைக்காகப் போடவில்லை. பழைய நிறுவனத்தின் பணிவிடுப்புக் கடிதம் ஒன்று வராததால் ஒரு கோப்பு வாரக்கணக்கில் கிடப்பதும், அதை யாரும் கேட்காமல் இருப்பதும் நடக்கிற கதைதான்.

ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்துவிட்டவர் என்றால் கடைசி வேலை நாளை அந்த முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வாரத்தில் வந்து சேரக்கூடியவரின் கோப்பை முன்னால் நகர்த்த மேலாளருக்கே ஆசை இருக்கும். இன்னும் நோட்டீஸ் கொடுக்காதவர், "உங்கள் பெயர் உறுதிதான்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ராஜினாமா செய்யவேண்டாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டதற்குப் பதில் மெயிலும் வந்த பிறகே ராஜினாமா.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் விடுங்கள். 25ஆம் தேதி ஒருமுறை ஃபோன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் பெயர், பணி, நேர்காணல் தேதி மூன்றையும் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி போதும். வேறு எண்ணிலிருந்து கூப்பிடுவது, நேர்காணல் செய்தவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துக் கேட்பது இரண்டும் வேண்டாம். நேர்காணல் செய்தவர் அதை ரெக்ரூட்டருக்கு அப்படியே தள்ளிவிடுவார், உங்களுக்குப் பதில் வராது, ரெக்ரூட்டருக்குக் கோபம் மட்டும் வரும். மேலாளரே தன் எண்ணைக் கொடுத்து "பேசுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது வேறு.

கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் கன்சல்டன்டிடம்தான் கேட்கவேண்டும். அவரைத் தாண்டி நிறுவனத்துக்கு எழுதினால், உங்களைக் கொண்டுவந்தது யார், தரகுப் பணம் யாருக்கு என்ற கேள்வி கிளம்பி, உங்கள் கோப்பு அந்தப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொள்ளும். கன்சல்டன்ட் இரண்டு வாரமாக "ஃபீட்பேக் வரவில்லை" என்றே சொன்னால், நிறுவனத்தில் கடைசியாக யாரிடம், எந்த நாளில் பேசினார் என்று கேளுங்கள். உண்மையிலேயே பேசியிருந்தால் அவரிடமிருந்து உடனே பதில் வரும்.

கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் மேலே சொன்ன நாள் கணக்கு செல்லாது. அந்த ஆஃபரை ஏற்கக் கடைசி நாள் நவம்பர் 21 என்றால், 18ஆம் தேதி மெயிலிலேயே "21ஆம் தேதி மாலைக்குள் நான் இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்லவேண்டும், என் முதல் விருப்பம் உங்கள் வேலைதான்" என்று எழுதுங்கள். தொகையை எழுதவேண்டாம், கேட்டால் சொல்லலாம். சம்பள ஒப்புதலில் தூங்குகிற கோப்பை எழுப்ப இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. பிரிவுத் தலைவரிடம் போய் நிற்க ரெக்ரூட்டருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். "நகல் அனுப்புங்கள்" என்பதுதான் அடுத்த மெயிலாக வரும்.

இரண்டு முறை கேட்டும் ஒன்றும் இல்லையென்றால் டிசம்பர் 3ஆம் தேதிவாக்கில் கடைசி மெயில். கோபம் வேண்டாம். "வேறு வாய்ப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தப் பணி மீண்டும் நகர்ந்தால் தெரிவியுங்கள்" என்று இரண்டு வரி. பிறகு அந்தப் பணியை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலிடத்துக்காரர் ஜனவரியில் கைவிட்டால் ரெக்ரூட்டர் முதலில் தேடுவது, தொல்லை கொடுக்காமல் தொடர்பில் இருந்த இரண்டாமவரைத்தான்.

ஓர் எச்சரிக்கை. இப்படிக் காத்திருக்கும் நாட்களில், நிறுவனத்தின் பெயரை முன்னால் போட்டு, சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து "தேர்வாகிவிட்டீர்கள், திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை கட்டுங்கள்" என்று மெயில் வந்தால் அது மோசடி. ஆஃபர் லெட்டருக்கோ மடிக்கணினிக்கோ எந்த முறையான நிறுவனமும் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்காது.

தாமதமாக ஆஃபர் வந்துவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் இருக்கும் சேரும் தேதியைப் பாருங்கள். பழைய கணக்கை வைத்தே அச்சாகியிருக்கும். 14ஆம் தேதி முடிவு வரும் என்று எண்ணி, 90 நாள் கழித்து பிப்ரவரி நடுவில் சேர்வதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் டிசம்பர் 8 அன்றுதான் ராஜினாமா செய்கிறீர்கள் என்றால் 90 நாள் மார்ச் 8 வரை போகும். பழைய தேதியோடு ஏற்றுக்கொண்டால், விடுபட்ட நாட்களுக்கான நோட்டீஸ் தொகை உங்கள் தலையில் விழும். திருத்திய தேதியோடு புதுக் கடிதம் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகாது, யாரும் தவறாகவும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஆள்சேர்ப்பு வேலையில் இருக்கும் சிலர்