எட்டால் வகுத்தும் வராத வேகம்: புகார்

அனுப்புநர்:
திருமண வீடியோ ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 100 Mbps இணைப்பில் மாலை நேர வேகக் குறைவு, விளம்பரத் துண்டறிக்கை குறித்து.

ஐயா,

உங்கள் துண்டறிக்கையில் ‘நொடிக்கு 100 எம்.பி.’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இணைப்பு கொடுக்க வந்த தம்பியும், 18 ஜிபி கல்யாண வீடியோ மூன்றே நிமிடத்தில் இறங்கிவிடும் என்றார். 18,000-ஐ 100-ஆல் வகுத்தால் 180 நொடி; அவர் போட்ட கணக்கு அதுதான். ஆனால் நீங்கள் விற்பது 100 மெகாபிட், கோப்பின் அளவோ மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். தரவோடு கூடவே போகும் முகவரி, சரிபார்ப்பு விவரங்களுக்கு ஐந்தாறு சதவீதம் கழித்தால் 11.8 அளவில் நிற்கும். 18 ஜிபிக்கு ஏறக்குறைய 25 நிமிடம். காலை வேளையில் எனக்கு அப்படித்தான் இறங்குகிறது. அதில் எனக்குக் குறையில்லை, துண்டறிக்கையைத் திருத்தினால் போதும்.

என் புகார் மாலையைப் பற்றியது. ஏழு மணிக்கு மேல் அதே கோப்பு, அதே தளத்திலிருந்து, 2.5 MB/s-க்கு மேல் ஏறுவதில்லை. இரண்டு மணி நேரம் ஆகிறது. முகூர்த்த மாதத்தில் மறுநாளே ஆல்பம் கேட்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? உங்கள் உதவி எண்ணை அழைத்தால், “சார், அது மெகாபைட், நீங்க எட்டால பெருக்கிப் பாக்கணும்” என்கிறார்கள். பெருக்கினேன்: 20 மெகாபிட். வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு. பிட்டும் பைட்டும் 100-க்கும் 12.5-க்கும் உள்ள இடைவெளியைத்தான் விளக்கும்; 12.5 எங்கே, 2.5 எங்கே என்பதற்கு அது பதிலாகாது.

வைஃபை மீதும் பழி போட முடியாது. ஜிகாபிட் போர்ட்டில் கேபிள் செருகி, மற்ற கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். பதிவிறக்கம் தரும் தளம் மெதுவாக இருக்குமோ என்று உங்கள் சொந்த வேகச் சோதனைப் பக்கத்திலும் பார்த்தேன். அது Mbps-லேயே காட்டும், வகுக்கவோ பெருக்கவோ வேண்டியதில்லை. காலையில் 94, இரவில் 21. மாத டேட்டா வரம்பையும் நான் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் காலையிலும் குறைந்திருக்கும். எங்கள் தெருவுக்கு வரும் ஒரே இழையில் அளவுக்கு மேல் இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள் என்றே சந்தேகிக்கிறேன். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பதா எங்களுக்குக் கணக்கு, கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதானே?

துண்டறிக்கையில் ‘வரை’ என்று பொடி எழுத்தில் இருப்பதையும் படித்தேன். அந்தச் சொல் தினமும் மாலையில் ஐந்தில் நான்கு பங்கைக் கழிப்பதற்கான அனுமதி ஆகாது.

எங்கள் தெரு இழையை மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே சோதித்து, எத்தனை இணைப்புகள் அதைப் பகிர்கின்றன என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்யும் வரை கட்டணத்தைக் குறைக்க வேண்டும். முடியாதென்றால் முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தந்து இணைப்பைத் துண்டியுங்கள். காலை, இரவு வேகச் சோதனைகளின் ஸ்கிரீன்ஷாட்கள் நேரத்தோடு இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்