பருவுள்ள முகத்தில் ஒரு மாதம்: விலை குறைந்த ஃபேஸ் வாஷ் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை குறைந்த ஃபேஸ் வாஷ்களைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த அனுபவங்களைச் சென்ற இதழில் படித்தேன். ஒருவர் ஒரே வாரத்தில் பரு போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஒரே வாரத்தில் முகமெல்லாம் பரு வந்துவிட்டது என்கிறார். இரண்டு பேரும் எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஜெல்லைப் பற்றித்தான். அதே ரகத்தில் ஒன்றை நானும் ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருவதால் எழுதத் தோன்றியது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த விலையில் கிடைக்கும் பல ட்யூப்களுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றதெல்லாம் பயன்படாது. நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் எண்ணெய் வழியும். நெற்றியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத, தடவினால் மட்டும் தட்டுப்படும் பொடிப்பொடி முடிச்சுகள் உண்டு. மூக்கின் மேல் கரும்புள்ளிகள். தாடையில் மாதவிடாய்க்கு முன்னால் உள்ளுக்குள் வலிக்கும் பெரிய பருக்கள் வரும். கன்னம் மட்டும் வறண்ட ரகம். ஒரே முகத்தில் இத்தனையும் இருந்தால் ஒரே ட்யூப் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

ட்யூபின் முன்பக்கத்தில் சாலிசிலிக் அமிலம் 1% என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்கப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தபடியாக சோடியம் லாரெத் சல்ஃபேட், பிறகு கோகமிடோப்ரொப்பைல் பீட்டேன், கிளிசரின், கடைசியில் மென்தாலும் வாசனையும். பொருள்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில்தான் எழுதுவார்கள், ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வரிசை மாறலாம். ஆகவே முகத்தில் பெரும் வேலை செய்யப்போவது அமிலமில்லை, இரண்டாவதாக இருக்கும் அந்த நுரைக்கும் பொருள்தான். எண்ணெயை நன்றாக எடுக்கும். தோலுக்குத் தேவையான கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிடக்கூடியதும் அதுதான். கூட இருக்கும் பீட்டேன் அந்தக் கடுமையைக் கொஞ்சம் குறைக்கும். மென்தாலின் வேலை ஜில்லென்று காட்டுவது மட்டும். அந்த ஜில்லென்ற உணர்வை வைத்து முகம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சாலிசிலிக் அமிலம் நல்ல சரக்குதான், அதில் சந்தேகமில்லை. எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் அடைத்த துளைக்குள் போய், அங்கே ஒட்டிக்கிடக்கும் செத்த செல்களைத் தளர்த்தும். கரும்புள்ளிக்கும் பொடி முடிச்சுக்கும் அதைச் சொல்வது இதனால்தான். ஆனால் இரண்டு விஷயம் தடை. ஒன்று, கழுவிவிடும் பொருளில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான். இன்னொன்று பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பிஎச் 3ஐ ஒட்டி இருந்தால் இந்த அமிலத்தில் சுமார் பாதி தோலுக்குள் எளிதாகப் போகக்கூடிய வடிவில் இருக்கும். பிஎச் 5 ஆகிவிட்டால் அந்த வடிவில் இருப்பது நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நான் ஜெல்லைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் கரைத்து பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். நிறம் 5க்கும் 6க்கும் நடுவில் நின்றது. தாள் சோதனை துல்லியமானது இல்லை, ஆனால் போக்கு புரிகிறது. தோலின் இயல்பான பிஎச் 5ஐ ஒட்டியே இருப்பதால், 9, 10 வரை போகும் சாதாரண சோப்பைவிட இது தோலுக்கு இதம். அமிலத்துக்குத்தான் வேலை குறைவு. முன்பக்கத்து 1% எதைச் சாதிக்கும் என்று எதிர்பார்க்கலாம் என்பது இதிலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

பயன்படுத்திய விதம் இது. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டையும் மாற்றவில்லை, புதிதாக வேறு எதையும் தொடவும் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று பொருளை மாற்றினால் நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. ஆரம்பத்தில் ட்யூபில் போட்டிருந்தபடி காலை, இரவு இரண்டு வேளையும் முகம் முழுக்கப் போட்டேன். முதல் வாரம் முடிவதற்குள் கன்னம் காட்டிக்கொடுத்தது. முகத்தைத் துடைத்துவிட்டு எதுவும் தடவாமல் அரை மணி நேரம் இருந்தால், சிரிக்கும்போது வாயோரத்தில் தோல் இழுத்துப் பிடித்தது. மூக்கின் இரு பக்க மடிப்பிலும் மெல்லிய செதில். இதையெல்லாம்விட முக்கியமான அறிகுறி ஒன்று உண்டு. இத்தனை நாள் ஒன்றும் செய்யாத சன்ஸ்கிரீன் திடீரென்று எரிய ஆரம்பித்தது. தோலின் மேல் காப்பு அடுக்கு தேய்ந்துவிட்டால் பழகிய பொருளே எரியும். பலர் அப்போது சன்ஸ்கிரீனைக் குறைசொல்லித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாவம், அது அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் ஜெல் என்று மாற்றினேன். அதுவும் நெற்றியிலும் மூக்கிலும் முதலில் போட்டு ஒரு நிமிடம் விட்டுவிட்டு, கழுவப்போகும் நேரத்தில்தான் கன்னத்துக்கு நுரையைக் கொண்டுபோவேன். வெந்நீர் இல்லை, தேய்த்துத் துடைப்பதும் இல்லை. கன்னத்தின் இறுக்கமும் சன்ஸ்கிரீன் எரிச்சலும் சில நாளில் அடங்கின. ட்யூப் அதேதான்!

நடுவில் தாடையின் விளிம்பிலும் காதுக்கு முன்னாலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் வந்தன. உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, விடாமல் போடுங்கள் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தாரே, அதை இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். அடைபட்ட துளைகளை வேகமாக மேலே கொண்டுவரும் ரெட்டினாய்டு போன்ற, தடவி விட்டுவிடும் மருந்துகளில் அப்படி நடப்பதுண்டு. அப்போதும் வழக்கமாகப் பரு வரும் இடத்தில்தான் வரும். நொடிகளில் கழுவிவிடும் ஒரு ஜெல்லால், பருவே வராத இடத்தில் அரிப்போடு பொரி வந்தால் அது பெரும்பாலும் எரிச்சல்தான். எனக்கு வந்த இடத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் பிடிபட்டது. குனிந்து முகம் கழுவும்போது தண்ணீர் சரியாகப் போய்ச் சேராத இடங்கள் அவை. முடியின் ஓரம், தாடைக்கு அடிப்பகுதி, காதோரம். நுரை அங்கேயே காய்ந்து கிடந்திருக்கிறது. அந்தப் பகுதியில் ஜெல்லை நிறுத்தி, விளிம்புகளைக் கூடுதலாக அலசியதும் பொரிகள் அடங்கிவிட்டன. நிறுத்தியதும் அடங்கினால் எரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். அடங்காமல் பரவினால் தோல் மருத்துவரிடம் போவதுதான் சரி.

சரி, பரு குறைந்ததா? நெற்றியின் பொடி முடிச்சுகள் கடைசி வாரத்தில் குறைந்திருந்தன. இரவில் விரலால் தடவினால் வித்தியாசம் தெரிகிறது. மூக்கின் புள்ளிகள் கழுவியவுடன் கொஞ்சம் தட்டையாகத் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். மூக்கில் ஒரே சீராக வரிசைகட்டி நிற்கும் சாம்பல் நிறப் புள்ளிகளில் பல, கரும்புள்ளியே இல்லை. துளைக்குள் இயல்பாக நிறையும் எண்ணெய் இழைகள். எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிறையும், அதைக் குறை என்று ஃபேஸ் வாஷ் மேல் எழுத முடியாது. தாடையின் வலிக்கும் பருக்கள் வழக்கமான நாளில் வழக்கமான அளவில் வந்துபோயின. அவை ஆழத்தில் கிளம்புபவை, ஹார்மோனோடு சேர்ந்தவை. மேலே நுரை போட்டு அவற்றை அசைக்க முடியாது. மதியம் வழியும் எண்ணெயும் அப்படித்தான். எண்ணெய்ச் சுரப்பிக்கு உத்தரவு போடுவது ஹார்மோன், எத்தனை தடவை கழுவினாலும் சுரப்பு அதன் போக்கில்தான் இருக்கும்.

நெற்றியில் தெரிந்த மாற்றத்தையும் முழுக்க இந்த ஜெல்லின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. காரணம் இதுதான். இன்று வெளியே தெரியும் பரு இன்று தொடங்கியது இல்லை. துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு அடைப்பாகப் பல வாரங்களுக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. அதாவது முதல் வாரத்தில் வந்த பருவுக்கு விதை இந்த ட்யூபை வாங்குவதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஒரே வாரத்தில் போய்விட்டது என்று எழுதியவருக்கும் பெரும்பாலும் தானாகவே அடங்கவிருந்த பருக்கள் அடங்கியிருக்கும். பரு மருந்துகளின் சோதனைகளைப் பொதுவாக 12 வாரம் நடத்துவது இதனால்தான். ஒரு மாதத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்த ஃபேஸ் வாஷ் என் தோலைக் காயவைக்கிறதா, எரிய வைக்கிறதா என்பது மட்டும்.

எண்ணெய் வழியும் நெற்றியும் மூக்கும் உள்ளவர்கள், லேசான பொடிப் பரு உள்ளவர்கள் இரவில் ஒரு வேளை போட்டுக்கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம். வறண்ட தோலுக்கு வேண்டாம். பருவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த அடாபலீன் போன்ற க்ரீமோ பென்சாயில் பெராக்சைடோ தடவுகிறவர்களுக்கும் இது தேவையில்லாத கூடுதல் உரசல். அவர்களுக்கு சல்ஃபேட்டும் வாசனையும் இல்லாத மென்மையான ஒன்று போதும், வேலையை மருந்து பார்த்துக்கொள்ளும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. சீழும் தழும்பும் விடும் பரு என்றால் ட்யூப் தேடிக்கொண்டிருக்கவே வேண்டாம், தழும்பு விழுந்த பிறகு அதைச் சரிசெய்வதுதான் பெரிய பாடு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட அனுபவங்களை வெளியிடும்போது, எழுதுகிறவரின் தோல் எப்படிப்பட்டது, கூடவே வேறு என்னென்ன தடவினார், எத்தனை வாரம் பயன்படுத்தினார் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து என் நெற்றி எப்படி இருக்கிறது என்பதை நானும் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி