சாவியை உள்ளே கொடுங்கள்: சலூன் உரிமையாளர்கள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிராமத்திலிருந்து வரும் ஸ்டைலிஸ்ட்களை நீங்கள் எங்கே தங்க வைக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் அதை விளக்கப் போவதில்லை. கடைக்கு மேல்மாடி, இரண்டடுக்குக் கட்டில்கள், ஒரு குளியலறை, இரவு கடை மூடியதும் மாடிப்படிக் கதவுக்கு வெளியே ஒரு பூட்டு. நானும் மூன்று வருடமாக அப்படி ஒரு அறையில்தான் படுக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பூட்டை எடுங்கள். கதவை உள்ளே இருப்பவர்கள் திறக்க முடிய வேண்டும்.

போன மாதம் ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும். கீழே டவல் சூடாக்கும் பெட்டியை யாரோ அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். பிளக் உருகிப் புகைய ஆரம்பித்திருக்கிறது. புகை மேலே ஏறும், மாடிப்படி அதற்குப் போட்டுக் கொடுத்த பாதை மாதிரி. நாங்கள் ஒன்பது பேர் இருமிக்கொண்டே எழுந்தோம். ஜன்னலில் நிரந்தரமாக அடித்த கம்பி. கதவில் வெளிப்பூட்டு. சாவி மேனேஜரிடம், அவர் நகரத்தின் இன்னொரு மூலையில் நல்ல தூக்கத்தில். பதினான்கு முறை அழைத்தோம்.

வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்தான் துவைக்கக் கொண்டுவந்து போட்டிருந்த டவல்களை எடுத்து, குளியலறையில் நனைத்து, கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் திணித்தாள். அவளுக்கு இன்னும் ஹேர்கட்டுக்கு யாரையும் தனியாக விடுவதில்லை, ஷாம்பு போடத்தான் விடுகிறார்கள். எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத்தான் அன்று மூளை வேலை செய்தது. அப்புறம் ஒன்பது பேரும் முறை வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து மூச்சு வாங்கினோம். நாற்பது நிமிடம் கழித்து மேனேஜர் வந்து பூட்டைத் திறந்தார். பிளக்கோடு அடங்கிவிட்டதால் இந்த மடலை எழுத முடிகிறது.

மறுநாள் காலை ஸ்டாஃப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. இனி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், தவறினால் சம்பளத்தில் பிடிக்கப்படும். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவும் அதே பூட்டைத்தான் போட்டார்கள்.

அந்த மாடிப்படிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், ஹேர் ஸ்பிரே டப்பாக்கள், கருவி துடைக்கும் ஆல்கஹால். அசிட்டோன் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் தீப்பொறியைத் தேடிப் பிடிக்கும். ஸ்பிரே டப்பா சூடானால் வெடிக்கும். முடி வெளுக்கும் பிளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்பேட் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதை இன்னும் நன்றாக எரிய வைக்கும். அத்தனையையும் ஒரே அலமாரியில், அதுவும் ஒன்பது பேர் இறங்கி வர இருக்கிற ஒரே வழிக்குக் கீழே அடுக்கிவிட்டு மேலே பூட்டும் போடுகிறோம். புகை தீயை விட முந்திக்கொண்டு வரும் என்பதும், தூங்குகிறவர்கள் அதன் வாசனைக்கு எழாமலே மயங்கிவிடக்கூடும் என்பதும் தீயணைப்புத் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று ஒருத்திக்கு இருமல் வந்து விழித்ததால்தான் மற்ற எட்டுப் பேரும் எழுந்தோம்.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்பீர்கள். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், வெளியாள் உள்ளே வரக் கூடாது. அதற்கு வெளிப்பக்கம் சாவி போட்டால் மட்டும் திறக்கிற, உள்பக்கம் கைப்பிடியைத் திருப்பினால் திறந்துகொள்கிற பூட்டு கடையிலேயே கிடைக்கிறது. ஹோட்டல் அறைக் கதவில் இருப்பது அதுதான், நீங்கள் வெளியூர் போனால் அதற்குள்தான் படுக்கிறீர்கள். யாராவது உங்களை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, "ஐயா, உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொன்னால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வீர்கள்? பூட்டு மாறட்டும், ஜன்னல் கம்பியில் ஒரு பகுதியாவது கீல் வைத்து உள்ளிருந்து திறப்பதாக இருக்கட்டும், மாடிப்படித் தலைப்பில் ஒரு புகை அலாரம் மாட்டி மாதம் ஒரு முறை அதன் பட்டனை அழுத்திப் பார்க்கட்டும். மொத்தமாக ஒரு நாள் தச்சர், வெல்டர் வேலை, அவ்வளவுதான்.

இது நானாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1961-லேயே தொழிலாளர் குடியிருப்பு பற்றிய பரிந்துரையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கட்டில் என்று எழுதி வைத்திருக்கிறது. முதலாளியே நேரடியாகத் தங்குமிடம் தருவது பொதுவாக நல்லதில்லை என்றும் அதிலேயே சொல்கிறது. ஏன் என்று எங்களைக் கேளுங்கள். வேலையை விட்டால் அன்று இரவே படுக்கை போய்விடும். அதனால் யாராவது கையைத் தேவையில்லாமல் தொட்டாலும், டார்கெட் முடியவில்லை என்று வாடிக்கையாளர் முன்னால் திட்டினாலும், வாயை மூடிக்கொண்டு சீப்பை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2019-இல் அதே அமைப்பு கொண்டுவந்த வன்முறை, துன்புறுத்தல் பற்றிய உடன்படிக்கை (எண் 190) முதலாளி தரும் தங்குமிடத்தையும், வேலைக்குப் போய்வரும் வழியையும் வேலையிடத்தின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. அதாவது இரவு ஒன்பதரைக்குக் கலர் கரெக்‌ஷனுக்கு வாடிக்கையாளரை எடுத்துவிட்டு, பதினொன்றரைக்கு வெளியே தங்கியிருக்கும் பெண்ணை "பார்த்துப் போம்மா" என்று அனுப்புவதும் உங்கள் கணக்குதான்.

எங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களும் அந்தச் சாவி இருக்கிற அதே டிராயரில்தான் இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கினீர்கள். எங்கள் படிப்பு பத்திரமாக இருக்கிறது, எங்கள் கதவு பத்திரமாக இருக்கிறது, நாங்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். கூட்டத்துக்குக் கூட்டம் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுகிறீர்கள். உங்கள் வீட்டில் இரவு யாரை வெளிப்பக்கமாகப் பூட்டுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறேன்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். சான்றிதழ், கட்டில், இரவு வண்டி எல்லாம் பேச வேண்டியவைதான், அவற்றை அப்புறம் பேசலாம். இப்போதைக்கு அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: ஊழியர் தூங்கும் எந்த அறையையும் எந்த உறுப்பினரும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது. போட்ட பிறகு ஒவ்வொருவரும் உங்கள் கடை மாடிக்கு இரவில் ஒரு முறை போய், விளக்கை அணைத்துவிட்டு, கதவிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற கட்டிலிலிருந்து எழுந்து யாருக்கும் போன் செய்யாமல் தெருவுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். நின்று யோசிக்க வேண்டி வந்தால், அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

கூட்டம் எப்போது நடக்கும் என்று தெரியாது. பூட்டு மாற்றும் வரைக்கும் அந்தச் சாவிக்கு ஒரு நகல் போட்டு, ஜன்னல் வழியாகக் கீழே போட்டு வேறு யாரையாவது வைத்துத் திறந்துகொள்ளவாவது, இன்று கடை மூடுவதற்குள் மேல்மாடிக்குக் கொடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
இன்றும் அந்த அறையில் படுக்கப்போகும் ஒரு ஸ்டைலிஸ்ட்