கயலுக்கு, அந்த மந்திரியையும் குதிரையையும் பற்றி

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரிய அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. அவள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

நான் எழுத உட்கார்ந்தது நம் ஆட்டத்தைப் பற்றி. போன வாரம் நீ வெள்ளை. ஐந்தாவது நகர்த்தலில் என் சிப்பாய் d5-க்கு வந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டாய். உன் மந்திரி c4-இல், குதிரை e4-இல், நடுவில் என் ஒற்றைச் சிப்பாய் இரண்டையும் குறிவைத்து நின்றது. ஒன்று போகத்தான் போகிறது, சரி. ஆனால் ஒன்று போவதாலேயே ஆட்டம் போய்விடுமா? பள்ளியில் படிக்கும்போது மாவட்டப் போட்டியில் ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்து டிரா வாங்கி வந்தவள் நீ. அந்தப் பெண் இப்படி எழுந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை.

எண்ணிப் பார்த்தாயா? அந்தச் சிப்பாய் வருவதற்கு முன் என் குதிரை உன் e4 சிப்பாயை எடுத்தது, உன் குதிரை என் குதிரையை எடுத்தது. அதாவது நீ எனக்கு ஒரு குதிரை கடன். d5 சிப்பாய் வந்தது அந்தக் கடனை வசூலிக்கத்தான். நீ மந்திரியை d3-க்கு இழுத்திருந்தால் நான் உன் குதிரையை எடுப்பேன், நீ மந்திரியால் என் சிப்பாயை எடுப்பாய். ஆளுக்கொரு குதிரை, ஆளுக்கொரு சிப்பாய். கணக்கு சமம். தோற்கும் நிலையே இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. மந்திரி எப்படியும் அடிபடும் என்று நினைத்தால் சும்மா நிற்க விடாமல் முதலில் d5 சிப்பாயையே அதைக் கொண்டு எடுத்திருக்கலாம். என் ராணி அதை எடுக்கும். உடனே உன் குதிரை c3-க்குத் திரும்பி ராணியைத் துரத்தும். அப்போதும் கணக்கு சமம்தான். இதைத்தான் ஆட்டக்காரர்கள் டெஸ்பராடோ என்பார்கள். எப்படியும் சாகப் போகிற காய், போவதற்கு முன் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போவது. ஆனால் உன் நிலையில் அது இரண்டாவது வழி. இரண்டு மந்திரியும் எனக்கே மிஞ்சும், என் காய்கள் சுலபமாக வெளியே வரும். d3-க்கு இழுத்தால் மந்திரியும் உனக்கு இருக்கும், சிப்பாயும் கிடைக்கும். அதனால்தான் நான் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வேன்: காய் சாகப் போகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன், உண்மையிலேயே சாகப் போகிறதா என்று ஒரு முறை பார். காப்பாற்ற முடிகிற காயை வெறி பிடித்து ஓடவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? குரலைக் கேட்டால் தெரியும், நீதான் போனை எடுப்பதில்லையே.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1949-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு ஆட்டம். வெள்ளை போகோல்யுபோவ். அலெகைனை உலகப் பட்டத்துக்காக 1929-இலும் 1934-இலும் எதிர்த்து ஆடியவர். கருப்பு லோதார் ஷ்மிட், அப்போது இருபது வயதை ஒட்டிய பையன். 1972-இல் பிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது நடுவராக இருந்தவர் இவர்தான். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படி. மனதிலேயே ஓட்டாதே, குழம்பிவிடும்.

நான்கு குதிரைகளும் வெளியே வந்த நிலை. வெள்ளையின் குதிரைகள் d4, c3. கருப்பின் ஒரு குதிரை c6, இன்னொன்று இப்போதுதான் e4 சிப்பாயை எடுத்து அங்கே நிற்கிறது. மற்ற பெரிய காய்கள் எல்லாம் வீட்டில். வெள்ளைக்கு d சிப்பாயும் e சிப்பாயும் இல்லை, கருப்புக்கு e சிப்பாய் மட்டும் இல்லை. c3 குதிரையால் e4-ஐ எடுத்தால் கருப்பு ராணி e7-க்கு வந்து அந்தக் குதிரையை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவிடும். அப்புறம் சிப்பாயை d5-க்குத் தள்ளிக் காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். போகோல்யுபோவ் அதற்குப் போகவில்லை. d4 குதிரையால் c6 குதிரையை எடுத்தார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஷ்மிட்டின் நாற்காலியில் உட்கார்ந்து பார். c6-இல் நிற்கிற வெள்ளைக் குதிரையைச் சிப்பாயால் எடுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எடுத்தால் வெள்ளை e4 குதிரையை எடுக்கும். கூட்டிப் பார்த்தால் கருப்பு ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையை இழந்திருக்கும். அதாவது e4 குதிரை எப்படியும் போகிற காய். அப்படியானால் அது வெறுங்கையோடு போகக் கூடாது. அது c3 குதிரையை எடுத்தது.

இப்போது இரண்டு பக்கமும் ஒரே நிலை. இரண்டு குதிரைகளும் எதிரி வீட்டுக்குள், இரண்டையும் சிப்பாய் எடுக்கலாம், இரண்டும் எதிரியின் ராணியைக் குறிவைக்கின்றன. வெள்ளை c3-இல் எடுத்தால் கருப்பு c6-இல் எடுக்கும், கருப்புக்கு ஒரு சிப்பாய் மிச்சம். அதனால் வெள்ளைக் குதிரை d8-இல் ராணியை எடுத்தது, கருப்புக் குதிரை d1-இல் ராணியை எடுத்தது. இங்கே கவனி: ஷ்மிட் ராணியைக் காப்பாற்ற ஓடவில்லை. எதிரி எவ்வளவு பெரியதை எடுக்கிறானோ அதற்கு ஈடானதை நம் குதிரை எடுக்கும் என்று தெரிந்ததால் பதறவில்லை. ஈடு இல்லாமல் இருந்தால் இந்த ஆட்டமே ஓடாது. உன் குதிரை ஒரு சிப்பாயை எடுக்கிற நேரத்தில் அவன் ராணியை எடுத்துக்கொண்டு போவான். பிள்ளைகள் தவறுவது இந்த இடத்தில்தான். எடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று எடுத்துவிடுவார்கள், அடுத்த காயின் மேல் கை வைத்திருக்கிறோமா என்று பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் இரண்டு குதிரைகளும் எதிரி ராஜாவின் பக்கத்திலேயே நிற்கின்றன, ராஜாவே எடுத்துவிடலாம். வெள்ளை d1-ஐ எடுத்தால் கருப்பு d8-ஐ எடுக்கும், மறுபடி வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறை. ஆகவே வெள்ளைக் குதிரை f7 சிப்பாயை எடுத்தது. ஒரு சிப்பாய்க்காக மட்டும் அல்ல, அங்கிருந்து h8 யானையும் எட்டுகிறது. இப்போது கருப்பு ராஜா f7-ஐ எடுத்தால் வெள்ளை d1-ஐ எடுக்கும், சிப்பாய்க் கணக்கு சமமாகிவிடும். ஷ்மிட் சமத்தில் நிற்கவில்லை. அவருடைய குதிரையும் f2 சிப்பாயை எடுத்து h1 யானையைக் குறிவைத்தது. வெள்ளை h8 யானையை எடுத்தது, கருப்பு h1 யானையை எடுத்தது. ஒன்பது நகர்த்தல் முடிந்தது. ஒவ்வொரு குதிரையும் ஒரு ராணி, ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய் எடுத்திருக்கிறது. நான் முதன்முதலில் இதை உன் தாத்தாவின் பலகையில் வைத்துப் பார்த்தபோது, கடைசி யானையை எடுத்து வெளியே வைத்த பிறகும் வெகுநேரம் பலகையைக் கலைக்க மனம் வரவில்லை.

எண்ணினால் கருப்புக்கு ஆறு சிப்பாய், வெள்ளைக்கு ஐந்து. அந்த ஒரு சிப்பாய் எங்கே வந்தது என்று பார்த்துக்கொள். c3-இல் எடுத்தபோதும் f2-இல் எடுத்தபோதும், "இங்கே நிறுத்தினால் எனக்கு என்ன மிச்சம், இன்னொன்று எடுத்தால் என்ன மிச்சம்" என்று இரண்டையும் கூட்டிப் பார்த்ததால் வந்தது. கோபத்தில் எடுத்ததில்லை. டெஸ்பராடோ என்ற பேரைக் கேட்டுவிட்டுப் பலர் இதை ஆத்திரம் என்று நினைக்கிறார்கள். இதைப்போல நிதானம் வேண்டிய இடம் ஆட்டத்தில் வேறு இல்லை.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். லீவு பாக்கி எத்தனை நாள், பி.எஃப். காகிதம், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் என்பதை எல்லாம் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டுமாம். கேட்கக் கூச்சப்படாதே. உனக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறாய். நீயாக முந்திக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. இதையும் அம்மாதான் சொன்னாள்.

உன்னைக் கடிந்து எழுதுவதாக எடுத்துக்கொள்ளாதே. தனியாக ஊர் விட்டுப் போய், வீடு பார்த்து, வேலை பார்த்து, இத்தனை வருஷம் எங்களிடம் ஒரு பைசா கேட்காமல் இருந்தாய். தெருவில் யாரிடமும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை நான். ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் நீ அப்படித்தான். சேலத்து விஷயத்திலும் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். இப்போதும் வருவேன். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறினால் காலையில் அங்கே.

மறுபடி சொல்கிறேன், எண்ணிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே.

அந்த ஒன்பதாவது நகர்த்தலோடு விட்டுவிடாதே, பாக்கி இருக்கிறது. இரண்டு குதிரைகளும் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. h8 குதிரை f7-க்கு வந்தால் ராஜா எடுக்கும், g6-க்கு வந்தால் சிப்பாய் எடுக்கும். h1 குதிரைக்கும் அதே கதி, f2-இல் ராஜா, g3-இல் சிப்பாய். இவ்வளவு எடுத்த பிறகு இனி அவை சாகலாம் என்று விட்டுவிடத் தோன்றும். விட வேண்டியதில்லை. வெள்ளை மந்திரி d3-க்கு வந்து h7 சிப்பாயை எடுத்துவிட்டால் g6 திறந்துவிடும். கருப்பு மந்திரி c5-க்கு வந்தால் f2-க்குக் காவல் கிடைக்கும், ராஜா அங்கே எடுக்க முடியாது. இப்போது நகர்த்த வேண்டியது வெள்ளை. யாருடைய குதிரை முதலில் வெளியே வரும், வெளியே வந்து எங்கே நிற்கும் என்று வைத்துப் பார்த்து எனக்கு எழுது. நான் இரண்டு விதமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். f2-க்கு வரும் கருப்புக் குதிரை d3 மந்திரியையும் தொடுகிறதே, அதை வெள்ளை எப்படிச் சமாளிக்கும் என்பதையும் பார்.

எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் அத்தை பையன் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா